அப்பா படத்தில் எதை அழிக்கலாம்?

பாம்பனில் அப்பாவின் பதினாறாம் நாளுக்கு, ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோதான் தெளிவாகக் கிடைத்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், மஞ்சள் கண், ஒட்டிய கன்னம். ஸ்டுடியோக்காரர் மூன்றையும் மாற்றினார். கடல் வெயிலில் கறுத்த நிறத்தையும் சேர்த்து வெளுத்துவிட்டார். “இது யாருடா?” என்றார் அம்மா.

மறுபடி உட்கார்ந்தோம். குழாயையும் பிளாஸ்திரியையும் அழித்தோம். அவை முகத்தைச் சேர்ந்தவை அல்ல. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மட்டும் மஞ்சளைப் பாதியாகக் குறைத்தோம். முழுக்க வெளுத்தால் பொம்மைக் கண் ஆகிவிடும். கன்னத்தைத் தொடவில்லை. அதை உப்பவைத்தால் தாடையும் சிரிப்புக் கோடும் மாறி வேறு ஆளாகிவிடுகிறார். அப்புறம், ஃபிளெக்ஸ் அடிக்கும் முன் சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு அம்மாவிடம் காட்டினோம். அசல் படம் தனியாகப் பத்திரமாக இருக்கிறது.