ஆட்டோ கட்டணக் கோட்டில் 25 ரூபாயைத் தேடாதீர்கள்

புள்ளியியல் படிக்கும் மாணவர்களுக்கு ரிக்ரெஷனை அறிமுகப்படுத்தும்போது ஆட்டோ கட்டணத்தையே நான் உதாரணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். தூரத்தை ஓர் அச்சிலும் கட்டணத்தை மற்றோர் அச்சிலும் குறித்து, புள்ளிகளின் ஊடாக ஒரு கோட்டைப் பொருத்தினால், அதன் சாய்வு கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் என்றும், கோடு கட்டண அச்சை வெட்டும் இடமாகிய வெட்டுத்துண்டு ஆரம்பக் கட்டணம் என்றும் பாடநூல் பாணியில் சொல்லிவிடலாம். இந்த எளிமையே பொறியாகிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருபவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் நான் விழுந்த அதே குழியில் விழுவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தூரத்தையும் கட்டணத்தையும் அச்சு மாற்றிப் போடுவது, மீட்டரையும் கிலோமீட்டரையும் கலந்துவிடுவது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வெட்டுத்துண்டைக் குறைந்தபட்சக் கட்டணம் என்று படிப்பது

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு அறிவித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். மீட்டர்படி ஓடிய சவாரிகளைத் திரட்டிக் கோடு பொருத்தினால் வெட்டுத்துண்டு 25 என்றும் சாய்வு 12 என்றும் வரும் என்றே எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வராது. சரியான தரவில் ஒருபோதும் வராது.

காரணத்தை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 5 கிலோமீட்டர் போகிறவர், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும், மீதமுள்ள 3.2 கிலோமீட்டருக்கு 38 ரூபாய் 40 காசும் சேர்த்து 63.40 கொடுக்கிறார். 1.8 கிலோமீட்டரைத் தாண்டிய எந்தச் சவாரிக்கும் இதே கணக்கு என்பதால், விரித்து எழுதினால் இப்படி ஆகும்:

```
fare = 25 + 12 * (km - 1.8)
     = 3.40 + 12 * km
```

அதாவது, நீண்ட சவாரிகள் கிடக்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், அது கட்டண அச்சை 3 ரூபாய் 40 காசில் வெட்டுகிறது. 25 ரூபாய்க்குள் 1.8 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான 21 ரூபாய் 60 காசு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, மிச்சமுள்ள 3.40 மட்டுமே தூரத்தோடு சேராத தொகை. ‘ஏறி உட்கார்ந்ததும் எவ்வளவு’ என்பது ஒரு கேள்வி, ‘தூரம் எதுவானாலும் மாறாமல் சேரும் தொகை எவ்வளவு’ என்பது வேறொரு கேள்வி. வெட்டுத்துண்டு இரண்டாவது கேள்விக்கே விடை சொல்கிறது.

பெங்களூருவில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று இருந்தது. இரண்டு பதினைந்து முப்பது. ஆகவே நீண்ட சவாரிகளின் கோடு சரியாகச் சுழியத்தின் வழியே போகும். அந்தக் கோட்டை மட்டும் பார்த்து, பெங்களூருவில் ஆரம்பக் கட்டணமே கிடையாது என்று எழுதிய ஒரு கட்டுரையை நான் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் அந்த ஊரிலேயே தங்கிப் படித்தவர் என்பதுதான் வேடிக்கை.

இதுவரை சொன்னது நீண்ட சவாரிகள் மட்டும் இருக்கும் தரவு. குறுகிய சவாரிகளும் கலந்தால் நிலைமை மோசமாகிறது. அரசாணைப்படியே கட்டணம் வாங்கிய எட்டுச் சவாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
km    0.5   1.0   1.5   2.0   3.0   4.0   5.0   6.0
fare  25    25    25    27.4  39.4  51.4  63.4  75.4
```

இவற்றின் ஊடாக ஒரே நேர்க்கோட்டைப் பொருத்தினால் வெட்டுத்துண்டு 13.30 என்றும் சாய்வு 9.81 என்றும் வருகின்றன. இந்த இரண்டு எண்களுமே அரசாணையில் எங்கும் இல்லாதவை. முதல் மூன்று சவாரிகள் தூரம் கூடியும் கட்டணம் கூடாமல் கிடைமட்டமாகக் கிடப்பதால், கோட்டின் இடது முனையை அவை மேலே தூக்கிவிடுகின்றன. அதனால் சாய்வு 12-இலிருந்து சரிகிறது, வெட்டுத்துண்டு 3.40-இலிருந்து ஏறுகிறது. குறுகிய சவாரிகளை இன்னும் இரண்டு சேர்த்தாலோ எடுத்தாலோ இரண்டு எண்களும் வேறாகிவிடும். எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை அளக்கும் R² இங்கே 0.96. ஒரு பைசாகூடப் பிழை இல்லாத தரவில், இரண்டு விடைகளும் தவறாக இருக்கும்போது, பொருத்தம் மட்டும் பிரமாதம் என்று மென்பொருள் சான்றிதழ் கொடுக்கிறது.

அந்தச் சான்றிதழை நம்பித்தான் நானும் ஏமாந்தேன். ஓர் அமைப்புக்காகச் சவாரித் தரவைத் தொகுத்து, ஆரம்பக் கட்டணம் சுமார் 14 ரூபாய், கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்க்கும் கீழே, ஆகவே ஓட்டுநர்கள் அரசு நிர்ணயித்ததைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள் என்று அறிக்கையில் எழுதி, அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். அது வெளியான வாரம், வழக்கமாக நான் ஏறும் ஆட்டோவில் அந்தப் பெருமையை ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “மீட்டர் போட்டதுமே இருபத்தஞ்சு ரூபா நிக்கும் சார். பதினாலு ரூபா எந்த ஊர் மீட்டர்ல காட்டுது?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அச்சிட்ட படிகளைத் திரும்பப் பெற்று, திருத்திய பக்கத்தை என் செலவில் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. தரவைச் சேகரித்த மாதங்களில் ஒருநாளாவது மீட்டரை உற்றுப் பார்த்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க R²-ஐப் பார்த்துப் பயனில்லை. எச்சங்களைத் தூர வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். எச்சம் என்பது உண்மையான கட்டணத்துக்கும் கோடு சொல்லும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு. மேலே உள்ள எட்டுச் சவாரிகளில் அரை கிலோமீட்டரில் எச்சம் +6.8, 2 கிலோமீட்டரில் −5.5, 6 கிலோமீட்டரில் +3.2. இரு முனைகளும் மேலே, நடு கீழே என்று ஒரு கிண்ணம் போலத் தெரிந்தால், ஒரே கோட்டில் அடங்காத ஒன்றை ஒரே கோட்டில் அடக்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

திருத்தம் மிக எளியது. தூரத்துக்குப் பதிலாக, 1.8 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை மட்டும் ஒரு புதிய பத்தியில் கணக்கிட்டு, அதன்மீது கட்டணத்தைப் பொருத்துங்கள். விரிதாளில் இரண்டாம் வரிசை முதல் தூரம் A பத்தியிலும் கட்டணம் B பத்தியிலும் இருந்தால், கீழே உள்ள முதல் சூத்திரத்தை C2-இல் எழுதிக் கீழ்வரை இழுத்துவிட்டு, மற்ற இரண்டையும் வேறு கட்டங்களில் இடலாம்:

```
=MAX(0, A2-1.8)
=INTERCEPT(B2:B9, C2:C9)
=SLOPE(B2:B9, C2:C9)
```

இப்போது வெட்டுத்துண்டு 25, சாய்வு 12. புதிய பத்தியில் சுழியம் என்பது ‘குறைந்தபட்சத் தூரத்துக்குள்’ என்று பொருள்படுவதால், வெட்டுத்துண்டு இப்போதுதான் நாம் விரும்பிய பொருளைப் பெறுகிறது.

1.8 என்பது நமக்கு முன்கூட்டியே தெரியாத ஊரில், 1.0, 1.1, 1.2 என்று ஒவ்வொன்றாக முயன்று, எச்சங்களின் வர்க்கக் கூடுதல் எங்கே மிகக் குறைகிறதோ அந்தத் தூரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்குக் குறுகிய சவாரிகள் தரவில் இருந்தே ஆக வேண்டும். எல்லாச் சவாரிகளும் 3 கிலோமீட்டருக்கு மேற்பட்டவை என்றால், 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்பதும், 1 கிலோமீட்டருக்கு 15.40 என்பதும், 2 கிலோமீட்டருக்கு 27.40 என்பதும் ஒரே கோட்டைத்தான் தரும். அவற்றுள் எது உண்மை என்று எந்த மென்பொருளாலும் பிரித்தறிய முடியாது.

வெட்டுத்துண்டை வலிந்து சுழியமாக்குவது

செய்யாதீர்கள்.

பயணி சொன்ன தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது

“ஒரு நாலஞ்சு கிலோமீட்டர் இருக்கும்” என்று பயணிகள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்தால், அந்தத் தோராயம் சாய்வைத் தாழ்த்திவிடும். மிக நீண்டதாகச் சொல்லப்பட்ட சவாரிகளில் கூட்டிச் சொன்னவை அதிகமாகவும், மிகக் குறுகியதாகச் சொல்லப்பட்டவற்றில் குறைத்துச் சொன்னவை அதிகமாகவும் சேர்ந்துகொள்வதால், தூரம் இருப்பதைவிட அகலமாக விரிகிறது, கட்டணமோ விரிவதில்லை. எல்லாமே 1.8 கிலோமீட்டரைத் தாண்டிய சவாரிகள், அவற்றின் உண்மையான சராசரித் தூரம் 5 கிலோமீட்டர், திட்டவிலக்கம் 2, சொல்வதில் உள்ள பிழையின் திட்டவிலக்கம் 1 என்று கொண்டால், சாய்வு 12-க்குப் பதிலாக அதில் ஐந்தில் நான்கு பங்காகிய 9.60-க்கு இறங்கும், சராசரிக் கட்டணம் 63.40 என்பதால் வெட்டுத்துண்டு 15.40-க்கு ஏறும்.

முதல் தவறு தந்த எண்களுக்கு இவை எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பாருங்கள். அறிகுறி ஒன்றுதான், நோய் வேறு. இங்கே எச்சங்களில் கிண்ணம் தெளிவாகத் தெரியாது, எல்லாப் பக்கமும் சிதறல்தான் கூடியிருக்கும். ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் கேட்டு, சாலை வழித் தூரத்தை நீங்களே அளப்பதைத் தவிர இதற்கு நல்ல மருந்து இல்லை.

காத்திருப்பை மறப்பது

அதே அறிவிப்பில் 5 நிமிடக் காத்திருப்புக்கு 3 ரூபாய் 50 காசு என்றும் உண்டு. நிமிடத்துக்கு 70 காசு. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு நிமிடம் காத்திருப்பு மீட்டரில் ஏறினால், அந்த 70 காசு சாய்வுக்குள் புகுந்து 12.70 என்று காட்டும். அதைப் பார்த்து ஓட்டுநர் கூடுதலாக வாங்குகிறார் என்று எழுதிவிடுகிறார்கள். மாறாக, பயணி வீட்டிலிருந்து இறங்கி வருவதற்காக எந்தத் தூரச் சவாரியிலும் சராசரியாக 5 நிமிடம் போனால், அது வெட்டுத்துண்டில் 3.50 ஆகச் சேரும். காத்திருந்த நிமிடங்களைத் தனி மாறியாகச் சேர்த்தால் இரண்டும் விலகும்.

இரவுச் சவாரியைக் கலப்பது

அதே அறிவிப்பின்படி இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை கட்டணம் ஒன்றரை மடங்கு. 25 என்பது 37.50 ஆவதோடு 12 என்பதும் 18 ஆகிறது. எனவே வெட்டுத்துண்டை மட்டும் உயர்த்தும் ஒரு மாறியைச் சேர்ப்பது போதாது, அந்தச் சவாரிகளைத் தனியே பிரித்துப் பொருத்துங்கள்.