லெக்சர் ஸ்லைடிலிருந்து ரிவிஷன் நோட்ஸ்: சிபியு ஷெட்யூலிங் பாடத்தை வைத்து ஒரு செய்முறை

வகுப்பில் காட்டும் ஸ்லைடுகள் பேசுவதற்குத் துணையாகச் செய்யப்பட்டவை. ஆசிரியர் வாயால் சொன்ன பாதி அதில் இருக்காது. அதனால் ஸ்லைடில் உள்ளதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டால் கையில் மிஞ்சுவது தலைப்புகளின் பட்டியல்தான். ரிவிஷன் நோட்ஸ் எழுதுவது என்றால், ஸ்லைடில் விடுபட்ட பாதியைத் திரும்ப நிரப்புவது. எப்படி என்பதை ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தின் சிபியு ஷெட்யூலிங் யூனிட்டை வைத்துக் காட்டுகிறேன். விளக்கம், கணக்கு, ஒப்பீடு மூன்றுமே இந்த யூனிட்டில் இருப்பதால் பழகுவதற்கு நல்ல பாடம்.

முதல் வேலை: சரியான கோப்பைக் கையில் எடுங்கள்

பிடிஎஃப் மட்டும் வந்திருந்தால், பவர்பாயிண்ட் கோப்பும் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஸ்லைடுக்குக் கீழே உள்ள குறிப்புப் பகுதியில் சில ஆசிரியர்கள் முழு விளக்கத்தையும் எழுதி வைத்திருப்பார்கள். சாதாரணமாக பிடிஎஃப் ஆக்கும்போது அந்தப் பகுதி வராது.

பிடிஎஃப்தான் உள்ளது என்றால், லினக்ஸில் இந்த ஒரு கட்டளை எழுத்துகளைத் தனியே எடுத்துத் தரும்:

```
pdftotext -layout cpu.pdf cpu.txt
```

வெளிவந்த கோப்பு காலியாக இருந்தால், ஸ்லைடுகள் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை என்று அர்த்தம். அப்போது பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுத்து வந்தாலும், படமாக ஒட்டப்பட்ட வரைபடங்கள் இதில் வராது. ஆகவே ஸ்லைடைப் பக்கத்தில் திறந்தே வைத்திருங்கள்.

பிறகு எல்லா ஸ்லைடுகளையும் ஒரு முறை வேகமாகப் புரட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எழுத்து போடுங்கள்: விளக்கம் என்றால் ‘வி’, கணக்கு என்றால் ‘க’, ஒப்பீடு என்றால் ‘ஒ’. தலைப்பு ஸ்லைடு, அனிமேஷனுக்காக ஒரே படத்தை நான்கு பக்கமாகப் பிரித்தது, சென்ற வகுப்பின் சுருக்கம் ஆகியவற்றுக்கு எந்த எழுத்தும் வேண்டாம். எழுத்து விழாத ஸ்லைடை இனி திறக்கத் தேவையில்லை.

விளக்கங்கள்: இரண்டு மதிப்பெண் விடையாகவே எழுதுங்கள்

இந்த யூனிட்டில் நேரத்தைக் குறிக்கும் சொற்கள்தான் அதிகம் குழப்பும். ஸ்லைடில் வெயிட்டிங் டைமுக்கு ‘ரெடி கியூவில் காத்திருந்த நேரம்’ என்ற அளவில் ஒரு வரி இருக்கும். அதை நோட்ஸில் எழுதும்போது மூன்று வரியாக்குங்கள்: ஒரு முழு வாக்கியத்தில் விளக்கம், அதன் சூத்திரம், எதோடு குழம்பும் என்ற எச்சரிக்கை. இப்படி:

```
வெயிட்டிங் டைம்
  விளக்கம்: ஒரு பிராசஸ் ரெடி கியூவில்
            காத்திருந்த மொத்த நேரம்.
  சூத்திரம்: டர்ன்அரவுண்ட் டைம் - பர்ஸ்ட் டைம்
  குழப்பம்: ரெஸ்பான்ஸ் டைம் வேறு. அது முதன்முறை
            சிபியு கிடைக்கும் வரை உள்ள நேரம் மட்டும்.
```

மூன்றாவது வரிதான் ஸ்லைடில் இருக்காது. ஒரு பிராசஸை இடையில் நிறுத்தாத முறைகளில் வெயிட்டிங் டைமும் ரெஸ்பான்ஸ் டைமும் ஒரே எண்ணாக வந்துவிடும். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துபோகும். ரவுண்ட் ராபின் வரும்போது விடை தப்பும். இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள்: மேலே உள்ள சூத்திரம், பிராசஸ் நடுவில் ஐ/ஓவுக்குப் போகாத கணக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். ஐ/ஓ நேரமும் கொடுத்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

தேர்வை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் விளக்க வரியை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, குழப்ப வரியைத் தமிழில் எழுதலாம். விடைத்தாளில் போக வேண்டியது முதல் வரி. மூன்றாவது வரி உங்களுக்கானது.

கணக்கு: ஸ்லைடில் காணாமல் போன வரிகளைத் திரும்ப எழுதுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. கணக்கு ஸ்லைடுகளில் பெரும்பாலும் ஒரு அட்டவணை, ஒரு காண்ட் சார்ட், கீழே சராசரி விடை மட்டும் இருக்கும். சார்ட் எப்படி வந்தது என்பதை ஆசிரியர் போர்டில் போட்டிருப்பார். அந்த நடுப்பகுதியை நீங்களே போட்டு நோட்ஸில் வைக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். P1 வரும் நேரம் 0, பர்ஸ்ட் 5. P2 வரும் நேரம் 1, பர்ஸ்ட் 3. P3 வரும் நேரம் 2, பர்ஸ்ட் 4. ரவுண்ட் ராபின், குவாண்டம் 2. ஸ்லைடில் இருக்காத ‘கியூ’ என்ற பத்தியைச் சேர்த்து எழுதுகிறேன்:

```
நேரம்    ஓடுவது  மீதி   பின் கியூ
0-2      P1      3      P2 P3 P1
2-4      P2      1      P3 P1 P2
4-6      P3      2      P1 P2 P3
6-8      P1      1      P2 P3 P1
8-9      P2      0      P3 P1
9-11     P3      0      P1
11-12    P1      0      -
```

முதல் வரியைக் கவனியுங்கள். நேரம் 2-இல் இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் நடக்கிறது: P3 புதிதாக வருகிறது, P1 குவாண்டம் முடிந்து வெளியே வருகிறது. யார் முதலில் கியூவில் நிற்பது? புதிதாக வந்ததுதான் முன்னே என்று வைத்து மேலே போட்டிருக்கிறேன். பலரும் பின்பற்றும் வழக்கமும் அதுதான்.

இனி முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் டர்ன்அரவுண்ட்: P1-க்கு 12, P2-க்கு 8, P3-க்கு 9. அவற்றிலிருந்து பர்ஸ்டைக் கழித்தால் வெயிட்டிங்: 7, 5, 5. சராசரி 17/3, அதாவது 5.67.

P1-ஐ முன்னே நிறுத்தியிருந்தால் வரிசை மாறி, வெயிட்டிங் 5, 5, 6 ஆகி, சராசரி 5.33 ஆகிவிடும். கணக்கு தெரிந்தும் ஆசிரியரின் விடை வராமல் தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் ஸ்லைடில் உள்ள காண்ட் சார்ட்டை வைத்தே ஆசிரியர் எந்த வழக்கத்தில் போகிறார் என்று கண்டுபிடித்து, கணக்கின் தலையிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். தேர்விலும் அந்த அனுமானத்தை முதல் வரியாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள். திருத்துபவருக்கு விடை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

போட்டது சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். சிபியு எங்கும் சும்மா இருக்கவில்லை என்றால், சார்ட் முடியும் நேரம் பர்ஸ்ட்களின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். இங்கே 5+3+4 = 12, சரி. அடுத்து, எந்த வெயிட்டிங் டைமும் மைனஸில் வரக்கூடாது. வந்தால், வராத பிராசஸை முன்கூட்டியே ஓட்டிவிட்டீர்கள்.

ஒப்பீடு: அதே எண்களில் போட்டுப் பாருங்கள்

ஒப்பீட்டு ஸ்லைடில் ‘ரவுண்ட் ராபின்: நல்ல ரெஸ்பான்ஸ், வெயிட்டிங் அதிகம்’ என்று ஒரு வரி இருக்கும். மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மாறிப் போய்விடும். அதே மூன்று பிராசஸ்களை எஃப்சிஎஃப்எஸ் முறையில், வந்த வரிசையிலேயே ஓட்டுங்கள். P1 0-5, P2 5-8, P3 8-12. வெயிட்டிங் 0, 4, 6, சராசரி 3.33. இடையில் நிறுத்தாததால் ரெஸ்பான்ஸும் அதே 3.33.

ரவுண்ட் ராபினில் ரெஸ்பான்ஸ் 0, 1, 2. சராசரி 1 மட்டுமே. ஆனால் வெயிட்டிங் 5.67. ஸ்லைடின் அந்த ஒரு வரி இப்போது உங்கள் கையால் போட்ட எண்களாகிவிட்டது. விடைத்தாளில் இந்தச் சிறு கணக்கையே எடுத்துக்காட்டாக எழுதலாம்.

வரக்கூடிய கேள்விகள்

கேள்விகளை ஊகிக்கும் முன் வினாத்தாளின் அமைப்பைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ரெகுலேஷன் பொறியியல் தாள்கள் பெரும்பாலும் பத்து 2 மதிப்பெண், ஐந்து 13 மதிப்பெண், ஒரு 15 மதிப்பெண் என்று வரும். உங்கள் கல்லூரி தன்னாட்சி என்றால் அமைப்பு வேறாக இருக்கும். பழைய தாள்கள் சிலவற்றை எடுத்து, இந்த யூனிட் எந்த அளவுக் கேள்வியாக வந்துள்ளது என்று மட்டும் முதலில் பாருங்கள்.

அப்புறம் நீங்கள் போட்ட எழுத்துகளே வேலை செய்யும். ‘வி’ விழுந்தவை 2 மதிப்பெண் பக்கம் போகும்: ஸ்டார்வேஷன் என்றால் என்ன, ஏஜிங் அதை எப்படித் தீர்க்கிறது, கான்வாய் எஃபெக்ட் எந்த முறையில் வரும், குவாண்டம் மிகப் பெரிதானால் ரவுண்ட் ராபின் என்ன ஆகும். ‘க’ விழுந்தவை 13 மதிப்பெண்: ஒரு அட்டவணையைக் கொடுத்து எஃப்சிஎஃப்எஸ், எஸ்ஜேஎஃப், ரவுண்ட் ராபின் மூன்றுக்கும் சார்ட் வரைந்து சராசரி காணச் சொல்வார்கள். ‘ஒ’ விழுந்தவற்றை ஒரு சூழ்நிலையோடு சேர்த்தால் 15 மதிப்பெண் கேள்வி கிடைக்கும்: பலர் ஒரே நேரத்தில் டெர்மினலில் வேலை செய்யும் கணினிக்கு எந்த முறை பொருந்தும், எண்களோடு காரணம் காட்டு.

கேள்விகளைத் தனிப் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் விடை எழுதாமல் நோட்ஸின் பக்க எண்ணை மட்டும் போடுங்கள். விடை அருகிலேயே இருந்தால் கண் அதைப் படித்துவிடும், கை எழுதாது. நான்கைந்து கணக்குக் கேள்விகள் இருந்தால் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி வையுங்கள். எது மாறினால் விடை எப்படி நகர்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

முதல் கேள்வியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்: மேலே உள்ள அதே அட்டவணை, குவாண்டம் மட்டும் 3. இதில் ஒரே நேரத்தில் வருவதும் வெளியேறுவதும் மோதாது, ஆகவே வழக்கம் பற்றிய கவலை இல்லை. வெயிட்டிங் டைம் P1-க்கு 6, P2-க்கு 2, P3-க்கு 6, சராசரி 4.67 என்று வர வேண்டும். வராவிட்டால் முதலில் கியூ பத்தியைத்தான் சரிபாருங்கள்.