தட்டச்சுக் கடிதத்தில் அடித்து மறைத்த சொல்லைப் படிக்க

பழைய ஆங்கிலத் தட்டச்சுக் கடிதங்களில் தவறான சொல்லின் மேல் வரிசையாக ‘எக்ஸ்’ அடித்திருப்பார்கள். முதலில் எக்ஸை எண்ணுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான்; எத்தனை எக்ஸோ, அத்தனை எழுத்து. சிறிய எக்ஸ் எழுத்தின் நடுப்பகுதியை மட்டுமே மறைக்கும். ஒருமுறை கிழமைப் பெயர் ஒன்றின் மேல் ஆறு எக்ஸ். நான்காவது எழுத்தின் கொம்பு மேலேயும் ஆறாவதன் வால் கீழேயும் தெரிந்தன. ஆங்கிலத்தில் ஞாயிறு, திங்கள், வெள்ளி மூன்றுமே பொருந்தின. மூன்றாவது எக்ஸின் தலையில் ஒரு புள்ளி, சிறிய ‘ஐ’யின் புள்ளி: வெள்ளி!

ரிப்பன் மங்கியிருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். மை போனாலும் அச்சுப் பள்ளம் தெரியும். கார்பன் நகலில் இது அவ்வளவாகப் பலிக்காது. கடிதத்தைப் படியெடுக்கும்போது இடைவெளிக் கோணலை விட்டுவிடுங்கள். அடித்து மறைத்த சொல்லை மட்டும் சதுர அடைப்புக்குள் கொடுங்கள்.