பதிவேட்டில் 'தயார்', குழியில் தண்ணீர்

அடித்தளக் குழி தோண்டும் பணியில் இடர் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. மழைநீர் தேங்கும் இடருக்கு எதிரே 'மாற்று டீசல் பம்ப் தயார்' என்று மூன்று மாதங்களாக எழுதியிருந்தது. கூட்டத்தில் கேட்பேன், தலையசைப்பார்கள், அடுத்த வரிக்குப் போவோம்.

ஐப்பசிக்கு முன் நேரில் போய் பம்பை ஓட்டச் சொன்னேன். எஞ்சின் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. உறிஞ்சு குழாயின் அடிவால்வு கசிந்ததால், ஓட்டும் முன் பம்பில் ஊற்றிய நீர் நிற்காமல் இறங்கிவிட்டது. பொறுப்பாளராகக் குறிக்கப்பட்டவரோ வேறு தளத்துக்கு மாறிப் போயிருந்தார். பம்பை வாங்கியதையே திட்டம் நிறைவேறியதாக எண்ணியிருந்தோம். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

வால்வை மாற்றினோம். பதிவேட்டில் 'நிலை' என்ற பத்தியை எடுத்துவிட்டு, கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி, பார்த்தவர் பெயர் என இரண்டு பத்திகள் சேர்த்தேன். அரை மணி நேரம் தண்ணீர் இறைத்தால்தான் தேதி எழுதலாம். பார்ப்பவர் பம்ப் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. பம்பை எப்போது ஓட்டத் தொடங்க வேண்டும் என்பதற்கு இருந்த 'கனமழை பெய்தால்' என்ற குறிப்பையும் 'குழியில் ஓரடி நீர் நின்றால்' என்று மாற்றினேன். அளவுகோலை யாரும் படிக்கலாம் அல்லவா? மழைக்காலம் முழுவதும் மாதாந்தர மறுஆய்வை வாராந்தரமாக்கினோம்.

முதல் வாரத்திலேயே வேறு இரண்டு வரிகளில் தேதி எழுத ஆளில்லை.