சர்வேயா, நேர்காணலா? எம்.எட். ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.எட். ஆய்வேடு எழுத உட்காருகிறவர்கள் பலர், தலைப்பு முடிவாவதற்கு முன்பே 300 மாணவர்கள், ஐந்து நிலை அளவுகோல், டி-சோதனை என்று தீர்மானித்துவிடுகிறார்கள். நூலகத்தில் இருக்கும் பழைய ஆய்வேடுகள் பெரும்பாலும் அந்த அச்சில்தான் இருக்கும். ஆனால் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது தெளிவாகாமல் கருவியை முடிவு செய்தால், பின்னால் வருகிற எல்லாமே கோணலாகும்.

ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: எட்டாம் வகுப்பு மாணவர்கள் கணித வகுப்பில் ஏன் சந்தேகம் கேட்பதில்லை? இதற்கு ஒரு வினாநிரல் தயாரித்து, "சந்தேகம் கேட்க எனக்குத் தயக்கம்" என்ற கூற்றுக்கு டிக் அடிக்கச் சொன்னால், தயக்கம் எவ்வளவு பேருக்கு, எந்த அளவுக்கு என்று தெரியும். ஏன் என்பது தெரியாது. காரணங்களையும் வினாநிரலிலேயே சேர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் 'ஆசிரியர் திட்டுவார்', 'மற்றவர்கள் சிரிப்பார்கள்' என்று நாம் எழுதும் காரணங்கள் நம் ஊகங்கள். உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்கவே நேரம் போதாமல் இருக்கலாம். டியூஷனில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். எந்த வரியில் புரியாமல் போனது என்றே தெரியாமலும் இருக்கலாம். பட்டியலில் இல்லாத காரணத்தைப் பிள்ளை எழுதித் தராது. இருப்பதில் ஏதோ ஒன்றுக்கு டிக் அடித்துவிடும். அந்த எண்ணை வைத்து நாம் முடிவு எழுதிவிடுவோம்.

சரி, நேர்காணல் என்று முடிவு செய்தால் அங்கே வேறு தவறுகள் காத்திருக்கின்றன. பெரிய தவறு, வகுப்பறையிலேயே, ஆசிரியர் காதில் விழும் தூரத்தில் பேசுவது. "சார் நல்லா நடத்துவாங்க, எல்லாம் புரியும்" என்ற பதிலைத் தாண்டி எதுவும் வராது. பெற்றோர், தலைமை ஆசிரியர் சம்மதத்தோடு, வராந்தாவில் எல்லார் கண்ணிலும் படும்படி, ஆனால் பேச்சு யாருக்கும் கேட்காதபடி உட்காருங்கள். "ஏன் சந்தேகம் கேட்பதில்லை?" என்று நேராகக் கேட்டாலும் பிள்ளை தன்மேல் குற்றம் சொல்வதாக நினைத்து வாயை மூடிக்கொள்ளும். அன்றைய கணித நோட்டைத் திறந்து வைத்து, "இந்தக் கணக்கில் எந்த வரி வரைக்கும் நீயாகப் போட்டாய்? அதற்கு அப்புறம் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது, 'புரிந்ததா' என்று ஆசிரியர் கேட்டபோது எல்லாரோடும் சேர்ந்து 'புரிந்தது சார்' என்று சொன்னது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

இப்படி 12 பேரிடம் பேசிவிட்டு, "75 சதவீத மாணவர்கள் ஆசிரியருக்குப் பயப்படுகிறார்கள்" என்று எழுதுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 12 பேரில் 9 பேர் சொன்னது மாவட்டத்தின் நிலவரம் ஆகாது. அவர்களை நாம் தேர்ந்தெடுத்ததே விதவிதமான காரணங்கள் கிடைக்க வேண்டும் என்பதற்காக. என்னென்ன காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்படி நடக்கிறது என்று காட்டுவதுதான் அந்தப் பேச்சுகளின் வேலை. எத்தனை பேருக்கு என்று சொல்ல சர்வேதான் வேண்டும்.

சர்வேக்கும் 300 என்ற எண் மட்டும் போதாது. 10 வகுப்புகளில் தலா 30 பேர் என்று எடுத்தால், ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே ஆசிரியரிடம் படிப்பதால் அவர்கள் பதில்கள் ஓரளவு ஒன்றுபோல் இருக்கும். பதில்களில் உள்ள மொத்த வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு வகுப்புக்கு வகுப்பு உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1 + (30 − 1) × 0.1 = 3.9. 300-ஐ இந்த எண்ணால் வகுக்க வேண்டும். சராசரியைக் கணிக்க அந்த 300 பேர், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த சுமார் 77 பேருக்குத்தான் சமம். அதே 300 பேரை 30 வகுப்புகளில் தலா 10 பேராக எடுத்தால் வகு எண் 1.9 ஆகக் குறைந்து, சுமார் 158 பேருக்குச் சமமாகும். அலைச்சல் கூடும், ஆனால் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி ஒப்பீடு என்று தலைப்பு வைப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். ஒவ்வொரு வகைக்கும் இரண்டே பள்ளிகளை வைத்துக்கொண்டு டி-மதிப்பு பார்த்தால், பள்ளி வகையின் வேறுபாடா, அந்த ஆசிரியர்களின் வேறுபாடா என்று பிரிக்கவே முடியாது.

இரண்டையும் செய்ய நேரம் இருந்தால் நேர்காணலை முதலில் வையுங்கள். பிள்ளைகள் சொன்ன காரணங்களை, கூடியவரை அவர்கள் சொன்ன சொற்களிலேயே, வினாநிரலின் கூற்றுகளாக்குங்கள். "ஆசிரியர் பொறுமையாகவும் தெளிவாகவும் விளக்குகிறார்" என்று இரண்டு விஷயத்தை ஒரே கூற்றில் திணிக்காதீர்கள். தெளிவாக விளக்கினாலும் பொறுமை இல்லாத ஆசிரியருக்குப் பிள்ளை எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும்?

நேரத்தையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை பிடிக்கும். 12 பேரிடம் அரை மணி நேரம் பேசினால் பதிவு 6 மணி நேரம், எழுதுவதற்கு மட்டும் 24 முதல் 36 மணி நேரம். கற்பித்தல் பயிற்சியும் அதே பருவத்தில் இருந்தால், ஆட்களைக் குறைத்து 8 பேரிடம் நிதானமாகப் பேசுவது நல்லது.