மசாலாப்பொடியின் மணம் ஏன் சீக்கிரம் போகிறது? குமரி அடுக்களையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வெயில் போவதற்குள் மல்லியையும் வத்தலையும் காயவைத்து, மழைக்காலம் முழுவதுக்கும் சேர்த்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்வது நம் மாவட்டத்தில் பழைய வழக்கம். இங்கே தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. இடையில் வெயிலை நம்ப முடியாது. அதனால் இந்த வழக்கத்தில் காயவைக்கும் பாதி சரிதான். மொத்தமாக அரைத்துவிடும் பாதிதான் கோளாறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் மீன் குழம்பு வைக்கும் ஒரு வீட்டில் மல்லிப்பொடி நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய ஆறு கிராம் செலவாகிறது என்று வையுங்கள். ஒரு கிலோ பொடி ஐந்தரை மாதம் வரும். மே நடுவில் அரைத்தால் அக்டோபர் கடைசி வரை அதே பொடிதான். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் மல்லிப்பொடி நல்ல மணத்தோடு இருப்பது இரண்டு மாதம், கவனமாக வைத்தால் மூன்று மாதம். ஆக, ஆவணிக்கு மேல் குழம்பில் விழுவது பெரும்பாலும் நிறமும் கெட்டித்தன்மையும்தான். மணம் குறைகிறதே என்று இன்னொரு கரண்டி போட்டால் குழம்பு மாவு மாதிரி ஆகிவிடும், மணம் வராது.

மல்லிக்கு ஏன் இவ்வளவு அவசரம்? மசாலாவின் மணம் அதிலுள்ள ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. கிராம்பில் இந்த எண்ணெய் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல்கூட இருக்கும். மல்லியில் பெரும்பாலும் ஒரு பங்குகூடத் தேறாது. முழு விதையாக இருக்கும்வரை அந்தக் கொஞ்சமும் உள்ளே பத்திரமாக இருக்கும். அரைத்த கணத்திலிருந்து காற்றோடு போகத் தொடங்கிவிடும். எனவே அரைக் கிலோவாக அரைத்தால், மேலே சொன்ன வீட்டுக்கு எண்பது நாள் சொச்சம் வரும். மணம் இருக்கும்போதே பொடி தீரும். மீதி மல்லியை நன்றாகக் காய்ந்த நிலையில் முழுசாகவே டின்னில் மூடி வைக்கலாம், ஒரு வருடம்வரை பயமில்லை. மழையில் எடுத்து அரைக்க வேண்டி வந்தால், இருப்புச் சட்டியில் சிறு தீயில் வெறுமனே சூடாக்கினால் போதும். நகத்தால் நசுக்கும்போது 'டக்' என்று உடைய வேண்டும். சிவக்க விட்டால் அடுப்படியெல்லாம் மணக்கும், உண்மைதான்; அந்த மணம் பொடியை விட்டுப் போன மணம்.

அடுத்த தவறு மில்லிலிருந்து திரும்பியதும் நடக்கிறது. அரைத்த பொடி கையில் பிடிக்க முடியாத சூட்டில் பையில் விழும். அதை அப்படியே டப்பாவில் கொட்டி மூடினால், பொடியில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி மூடியின் உள்பக்கம் வியர்த்து, திரும்பப் பொடி மேலேயே சொட்டும். ஒரு வாரத்தில் மேல்பகுதி கட்டி பிடிக்கும், பிறகு பூசணம். சரி, ஆறவைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சிலர் பொடியை முற்றத்து வெயிலில் பரப்பி விடுகிறார்கள். அதுவும் தவறு, வெயிலில் மணம் போய்விடும். வீட்டுக்குள், மின்விசிறி இல்லாத இடத்தில், சுத்தமான தாளிலோ துணியிலோ பரப்பி, சூடு தணிந்ததும் உடனே எடுத்து அடைக்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் காற்றின் ஈரத்தைப் பொடி உறிஞ்சிக்கொள்ளும். அதிலும் குளச்சல், முட்டம் மாதிரி கடற்கரை ஊர்களில் சொல்லவே வேண்டாம்.

அடைக்கும்போது பெரிய பாட்டில் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு, தினமும் அதையே திறந்து எடுப்பதைப் பலரும் தவறாக நினைப்பதில்லை. பொடி குறையக் குறைய பாட்டிலுக்குள் காற்றிடம் கூடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே நிறைந்திருந்த மணம் வெளியே போய் ஈரக்காற்று உள்ளே வரும். இரண்டு மூன்று சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் வாய்வரை நிரப்பி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். அஞ்சறைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு உள்ளது போதும். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்த பொடி அலமாரி முழுக்க மணப்பது நல்ல அடையாளமில்லை. கொதிக்கும் சட்டிக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கரண்டி காய்ந்திருந்தாலும் அந்த ஆவி போதும் கெடுக்க.

எல்லாப் பொடிக்கும் ஒரே ஆயுள் என்று நினைப்பதுதான் எனக்குத் தெரிந்து பெரிய தவறு. வத்தல்பொடியில் காரம் எளிதில் போகாது. ஆறு மாதம் கழித்தும் உறைக்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் சிவப்பு வெளுத்துவிடும். மஞ்சள்பொடி அதைவிட நாள்படத் தாங்கும். நல்லமிளகுப்பொடிக்கு மல்லியின் ஆயுள்தான். ஏலக்காய் பொடித்துவிட்டால் சில வாரங்களிலேயே வாசம் மங்கும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், பெருஞ்சீரகம் எல்லாம் சேர்த்து அரைத்த கறிமசாலா ஒரே பொடியாகத் தெரிந்தாலும், முதலில் ஏலக்காயும் பெருஞ்சீரகமும் பின்வாங்கும், கடைசிவரை கிராம்பு நிற்கும். இரண்டு மாதம் ஆன கறிமசாலா போட்ட இறைச்சிக் கறியில் கிராம்பு மட்டும் தூக்கலாக நிற்பது இதனால்தான். மாறாமலையில் கிராம்பு விளையும் மாவட்டம் இது. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கறிமசாலாச் சாமான்களை முழுசாக வாங்கி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது கிராம் அளவில் மிக்சியில் பொடித்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

தேங்காய் வறுத்துச் சேர்த்த தீயல் பொடி தனி ரகம். அதில் தேங்காயின் கொழுப்பு இருப்பதால் மணம் போவதற்கு முன்பே காறல் வாடை வந்துவிடும். வெளியே சில நாள், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறக்கக் கூடாது. குளிர்ந்த பொடியில் காற்றின் ஈரம் நீராகப் படியும். வேண்டியதைச் சட்டென எடுத்து மூடி உள்ளே வைப்பதை விட, அன்றைக்குத் தேவையானதைச் சின்ன டப்பாவாகவே பிரித்து வைப்பது நல்லது.

மணம் இருக்கிறதா என்று பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய பொடியும் மூடி திறந்த நொடியில் ஒரு வாசம் அடிக்கும். மூடிக்குள் சேர்ந்திருந்தது அது. அரைக் கரண்டியைத் தட்டில் எடுத்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் இளஞ்சூடான தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அப்போதும் மல்லி வாசம் எழவில்லை என்றால் அந்தப் பொடி குழம்பைக் கெட்டியாக்க மட்டும்தான் உதவும். அப்படிப்பட்டதைப் புதுப் பொடியோடு கலக்க வேண்டாம். அடியில் வண்டு இருந்தால் புதியதற்கும் ஏறும். பாட்டிலைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்ததை நிரப்புங்கள்.

மணம் குறைந்த பொடியைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பூசண வாடை அடித்தாலோ, புழு நூல்கட்டியிருந்தாலோ விஷயம் வேறு. வெயிலில் போட்டுச் சலித்து எடுத்தாலும் பூசணத்தின் நஞ்சு போகாது, வத்தல்பொடியில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அதைத் தென்னை மூட்டில் கொட்டிவிடலாம்.