காரிடார் சீலிங்குக்கு மேலே ஃபயர் டேம்பர்: ஆய்வறிக்கை எழுதுவது எப்படி

தீத்தடுப்புச் சுவரை ஏசி டக்ட் துளைத்துப் போகிற இடத்தில் ஃபயர் டேம்பர் இருக்கும். வழக்கமான வகையில் மடித்து வைத்த தகடுகளை ஒரு ஃபியூசிபிள் லிங்க் பிடித்துக்கொண்டிருக்கும். சுமார் 72 டிகிரி செல்சியஸில் லிங்க் உருகும், தகடுகள் விழுந்து வழியை அடைக்கும். டக்ட்டுக்காகச் சுவரில் போட்ட ஓட்டையை, தீப்பிடித்த நேரத்தில் மூடுகிற கதவு அது. கதவு சுவரில்தான் இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள்.

ஏறுவதற்கு முன் இரண்டு தாள்கள் கையில் வேண்டும். ஒன்று, எந்தச் சுவர் தீத்தடுப்புச் சுவர் என்று குறித்த வரைபடம். இன்னொன்று, அந்த டேம்பரைத் தயாரித்தவர் தந்த பொருத்தும் முறைத் தாள். டேம்பரைச் சுற்றி இடைவெளி விட வேண்டுமா, எதை வைத்து அடைக்க வேண்டும் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். தாள் இல்லாமல் எழுதினால் காண்ட்ராக்டர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

இனி ஓர் உதாரணம். இரண்டாம் மாடி காரிடார், 150 மி.மீ. பிளாக் சுவர், அதைத் தாண்டி அறைக்குள் போகும் 400 × 300 டக்ட். டேம்பர் எண் 2-07. சீலிங் பலகையை விலக்கி டார்ச் அடித்ததும் டேம்பர் தெரிகிறது. பலர் இந்த இடத்திலேயே ‘உள்ளது’ என்று டிக் போட்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் டேப்பை எடுங்கள். சுவர் முகத்திலிருந்து, தகடுகள் மூடும் கோடு வரை அளக்க வேண்டும். கேசிங்கின் விளிம்பு வரை அளந்தால் தவறான எண் வரும். இங்கே 180 மி.மீ. வருகிறது. அதாவது டேம்பர் சுவருக்கு வெளியே, காரிடார் பக்கம், டக்ட்டோடு சேர்ந்து தொங்குகிறது. அறையில் தீப்பிடித்தால் டக்ட் தகரம் சூட்டில் நெளியும், இழுக்கும், விழவும் செய்யும். டேம்பரும் அதோடு போய்விடும், சுவரில் ஓட்டை மட்டும் மிஞ்சும். லிங்க் சரியாக உருகினாலும் பயனில்லை.

அடுத்து, டக்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். இங்கே 35 மி.மீ. சந்தில் மஞ்சள் பியூ ஃபோம் அடைத்திருக்கிறார்கள். சாதாரண ஃபோம் எரியும் பொருள். சுவரோடு பிடிக்கும் ஆங்கிளும் இல்லை. இதையும் படமெடுங்கள். படத்தில் டேப்பின் எண்ணும் சுவரும் டேம்பரும் ஒன்றாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எந்தச் சுவர் என்று யாருக்கும் புரியாது.

அப்புறம் அணுகல். லிங்க்கைப் பார்க்க டக்ட்டில் ஒரு ஆக்சஸ் டோர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அடிப்பக்கத்தில். அதற்கு 60 மி.மீ. கீழே கேபிள் ட்ரே ஓடுகிறது. டோர் கீழ்நோக்கித் திறந்ததும் ட்ரேயில் இடிக்கிறது, கை நுழையவில்லை. சீலிங் ஹேட்ச்சோ 1.2 மீட்டர் தள்ளி. இப்படிப்பட்ட இடத்தில் லிங்க்கின் நிலைக்கு எதிரே ‘சரி’ என்றும் எழுதக் கூடாது, ‘தவறு’ என்றும் எழுதக் கூடாது. ‘பார்க்க முடியவில்லை’ என்று எழுதி, காரணத்தையும் சேருங்கள். என்னைக் கேட்டால் அறிக்கையில் மிக முக்கியமான வரி இதுதான், ஏனென்றால் இன்று நம்மால் பார்க்க முடியாததை நாளை பராமரிப்புக்கு வருபவராலும் பார்க்க முடியாது.

சரி, எழுதலாம். பொருத்தியதில் உள்ள தவறும் அணுகல் பிரச்சினையும் தனித்தனிப் பதிவாக இருக்கட்டும். சரிசெய்யும் ஆட்கள் வேறு. ஒன்றாக எழுதினால் ஹேட்ச்சை மாற்றிவிட்டு மொத்தமும் முடிந்ததாகக் கணக்குக் காட்டிவிடுவார்கள்.

> 2-07 அ: தகடு மூடும் கோடு சுவர் முகத்திலிருந்து 180 மி.மீ. வெளியே. ஆங்கிள் இல்லை. 35 மி.மீ. சந்தில் ஃபோம். ஏற்கவில்லை. தயாரிப்பாளரின் தாளின்படி சுவருக்குள் மாற்றிப் பொருத்தவும். படம் 1, 2.
>
> 2-07 ஆ: ஆக்சஸ் டோர் கேபிள் ட்ரேயில் இடிக்கிறது, ஹேட்ச் 1.2 மீ. தள்ளி. லிங்க் பார்க்க முடியவில்லை. டோரை டக்ட்டின் பக்கவாட்டுக்கு மாற்றி, ஹேட்ச்சை அதன் அருகே அமைக்கவும். படம் 3.

‘சரியாகப் பொருத்தப்படவில்லை’ என்று மட்டும் எழுதினால், ஆள் போய் சீலன்ட் பூசிவிட்டு வருவார். 180 மி.மீ. என்று எழுதினால் பூசி மறைக்க முடியாது.

மறு ஆய்வுக்குத் தேதி குறிக்கும்போது, சீலிங் பலகை போடுவதற்கு முன்பே கூப்பிட வேண்டும் என்று நிபந்தனை எழுதுங்கள். அன்றைக்கு லிங்க்கை விடுவித்து, தகடுகள் யார் கையும் படாமல் முழுக்க மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் இருந்தால் விரல்களைத் தகட்டுப் பாதையில் வைக்காதீர்கள். மூடிய நிலையில் ஒரு படம், லிங்க்கைத் திரும்ப மாட்டித் திறந்த நிலையில் இன்னொரு படம். இரண்டும் வந்த பிறகுதான் 2-07க்கு எதிரே கையெழுத்து.